ஒரு மெயிலுக்கு ஒரு பில்

நான் வேலை பார்ப்பது இறாலைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். மரக்காணத்தில் என் வீட்டிலிருந்து பாண்டி பஸ் பிடித்தால் உப்பளங்கள் முடிந்து சவுக்குத் தோப்புகள் தொடங்கும் இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். இறால் வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. மாடியில் ஏசி ஓடும் அறையில் நானும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருப்போம். கம்பெனிக்குச் சரக்கு கொடுத்தவர்களின் பில்களை வாங்கி, சரிபார்த்து, மேலே ஒப்புதலுக்கு அனுப்புவது எங்கள் வேலை. அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்று பெயர். பில் கொடுத்தவர்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் வேறு. அதை எழுத முடியாது.

எல்லாப் பில்லும் ஒரே மெயில் பெட்டிக்கு வரும். காலையில் அதைத் திறந்தால் தலைப்புகள் வரிசையாக நிற்கும். "பில்." "பில் சார்." "குட் மார்னிங்." "அர்ஜென்ட்." "அர்ஜென்ட் அர்ஜென்ட்." ஐஸ் பெட்டி கொடுப்பவர் தலைப்பே போட மாட்டார். டீசல் பங்க்காரர் எப்போதோ தீபாவளிக்கு எங்களுக்கு அனுப்பிய வாழ்த்து மெயிலுக்குப் பதிலாகத்தான் எல்லாப் பில்லையும் அனுப்புவார். ஆகவே அவருடைய பில்கள் வருஷம் முழுக்க "தீபாவளி நல்வாழ்த்துகள்" என்ற தலைப்பில் வந்துகொண்டிருந்தன. யாருடைய பில், எந்த ஆர்டருக்கு, சரக்கு வந்ததா இல்லையா என்று தெரிய ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருப்பதை இறக்கி, பெரிதாக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு வருஷம் கம்பெனி புது சாஃப்ட்வேர் போட்டது. மெயிலோடு வரும் ஒவ்வொரு பி.டி.எஃப்.ஐயும் அது ஒரு பில்லாக எடுத்துப் பதிந்துகொள்ளும். நாங்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், கேட்டில் சரக்கு இறங்கும்போது போடும் இன்வர்டு, வந்திருக்கும் பில் ஆகிய மூன்றிலும் அளவும் விலையும் ஒத்துப்போனால் பர்ச்சேஸ் மேனேஜரின் ஒப்புதலுக்கு அனுப்பும். ஒத்துப்போகாவிட்டால் தனியே ஒதுக்கி வைத்துவிடும். ஒதுக்கி வைத்ததை எல்லாம் மனுஷர்கள்தான் பார்த்தாக வேண்டும். மனுஷர்கள் என்றால் நாங்கள் இரண்டு பேர்.

அப்படி ஒதுங்கியவற்றில் எப்போதும் மேலே கிடந்தது உப்புப் பில்.

ஐஸ் தயாரிக்கும் பிரைன் தொட்டிக்கு, அதாவது உப்புக்கரைசல் தொட்டிக்கு, எங்களுக்கு உப்பு தேவை. மரக்காணத்தில் அளம் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். உப்பு நல்ல உப்பு. அளவிலும் குறை சொல்ல முடியாது. பில்தான் வாட்டி எடுத்தது. லாரி முன்பக்கத்தில் பில்லை வைத்து, அண்ணன்காரர் போனில் படம் எடுப்பார். பில்லின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கும். நாலு லோடு போன பிறகு நாலு படத்தையும் சேர்த்து "சால்ட்" என்ற தலைப்பில் ஒரே மெயிலாக அனுப்புவார். படத்தை சாஃப்ட்வேர் சீந்தவே சீந்தாது. நாங்கள் கையால் அடித்து ஏற்றினாலோ, இந்த எண்ணில் இவர்களிடமிருந்து ஏற்கெனவே ஒரு பில் வந்திருக்கிறது என்று நிறுத்திவிடும். அளத்தில் ஒரு பில் புத்தகம், மூட்டை கட்டும் ஷெட்டில் ஒரு பில் புத்தகம், இரண்டும் ஒன்றிலிருந்து ஆரம்பம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஒரே பில்லை இரண்டு முறை அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

பணம் தாமதமானதும் அண்ணன்காரர் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார். போய் மறுபடியும் அதே படங்களை அனுப்புவார். அது இன்னும் நாலு இரட்டைப் பதிவாகும்.

ஒரு நாள் அவருக்குப் பதிலாகத் தம்பியின் மனைவி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய பை, பையில் இரண்டு பில் புத்தகங்களும். விலங்கியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன்பு திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. எப்போது பணம் வரும் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து, வழக்கமான பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. "மேடம், நாங்க அனுப்புற மெயில் உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு ஒருவாட்டி காட்றீங்களா?" என்றாள்.

எத்தனையோ வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். அப்படி ஒருவரும் கேட்டதில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினேன். மற்றவர்களுடையதையும் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, அவர்களுடைய மெயில்களை மட்டும் தேடி எடுத்தேன். "சால்ட்", "சால்ட்", "சால்ட்" என்று திரை நிறைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பிறகு கேள்விகள் கேட்டாள். இதில் எந்த மெயிலை முதலில் திறப்பீர்கள், ஏன். திறந்ததும் முதலில் எந்த எண்ணைத் தேடுவீர்கள். அந்த எண்ணை எங்கே அடிப்பீர்கள். நீங்கள் அனுப்பிய பிறகு மேனேஜர் எதில் பார்ப்பார், கம்ப்யூட்டரிலா போனிலா. மேனேஜர் பாதி நாள் கடற்கரையில் ஏலத்தில் நிற்பவர், பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார் என்றேன். ஒப்புதலுக்குப் போகும் அறிவிப்பில் பில்காரர் போட்ட தலைப்பே போகும் என்பதையும் சொன்னேன். போனில் அது எவ்வளவு தெரியும் என்று கேட்டாள். என் போனை எடுத்துக் காட்டினேன். முதல் சில சொற்கள் தெரிந்தன, மிச்சம் மூன்று புள்ளியாகிவிட்டது. அவள் அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ முக்கியமானது முன்னாடி வரணும்" என்றாள், எனக்கில்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

பில் புத்தகங்களை அவளே பையிலிருந்து எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஏழாம் எண் பில் இருந்தது. இரண்டும் எங்களுக்கு வந்தவை, இரண்டும் வேறு வேறு லோடு. என் பக்கத்துப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்று மாலைக்குள் இரட்டை என்று ஒதுங்கிக் கிடந்ததை எல்லாம் பிரித்து எடுத்து மேலே அனுப்பினோம். பில்லின் தலையில் 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று அச்சடித்திருந்ததையும் அவளிடம் காட்டினேன். உப்புக்கு வரி இல்லை. காலிச் சாக்கு வியாபாரமும் செய்வதால் அவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தது. ஆகவே உப்புக்குக் கொடுக்க வேண்டியது 'பில் ஆஃப் சப்ளை' என்று சொன்னேன். தலைப்பைப் பார்த்து சாஃப்ட்வேர் வரியைத் தேடும், வரி இல்லாவிட்டால் நிறுத்தும். அவள் குறித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கொஞ்ச நாளில் முதல் மெயில் வந்தது. தலைப்பு ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: பில் பி-2526-001, பி.ஓ. 4518, இன்வர்டு 1132, உப்பு 300 மூட்டை. அதற்குப் பின்னால் அவர்கள் கம்பெனி பெயர். வணக்கம் இல்லை, அவசரம் இல்லை. உள்ளே ஒரே ஒரு பி.டி.எஃப். அதன் பெயரும் பி-2526-001. திறந்தால் முதல் பக்கம் பில், இரண்டாம் பக்கம் எங்கள் கேட்டில் சீல் போட்டுக் கொடுத்த நகல். பி என்பது மூட்டை கட்டும் ஷெட். அளத்திலிருந்து நேரே வரும் லோடுக்கு எம். இரண்டு இடத்துக்கும் தனித்தனி வரிசை, நிதியாண்டு நடுவில். இனி இரண்டு ஏழு வரவே வராது.

எனக்குப் பிடித்துப்போனது எண்ணின் நடுவே இருந்த அந்தச் சிறுகோடுதான். சரக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பில் எண்ணில் சாய்கோடு போடுவார்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கம்ப்யூட்டர் சாய்கோட்டை ஏற்காது. உடனே அங்கே மட்டும் சிறுகோடோ இடைவெளியோ போட்டுவிடுவார்கள். பில்லில் ஒரு மாதிரி, கோப்பில் ஒரு மாதிரி, தலைப்பில் இன்னொரு மாதிரி. தேடினால் கிடைக்காது. அவள் ஆரம்பத்திலேயே சிறுகோட்டை வைத்துவிட்டாள். பில், கோப்பு, தலைப்பு மூன்றிலும் ஒரு எழுத்து மாறாமல் ஒரே எண். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. போனில் கேட்டபோது, கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஒருமுறை தகராறு செய்தது, அதனால் பில்லிலேயே மாற்றிவிட்டேன் என்றாள், ஏதோ ரவிக்கைப் பொத்தானை மாற்றியதுபோல.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. இரண்டாவது மெயிலில் ஸ்கேன் ரொம்பப் பெரிதாக இருந்து மேனேஜரின் போனில் திறக்கவில்லை. மூன்றாவதில் இதுவரை வந்த பில்களின் கணக்குச் சுருக்கத்தையும் தனி பி.டி.எஃப். ஆகச் சேர்த்துவிட்டாள். சாஃப்ட்வேர் அதையும் ஒரு பில் என்று எடுத்துக்கொண்டு, எண் இல்லையே என்று நின்றது. ஒவ்வொரு முறையும் நான் பதில் போடும் முன்பே அவளிடமிருந்து போன் வந்துவிடும். "அக்கா, நேத்து போட்டது உள்ள போயிடுச்சா, இல்ல எங்கயாவது நின்னுடுச்சா?" எங்கே நின்றது என்று சொன்னால் போதும், ஏன் நின்றது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். கணக்குச் சுருக்கம் பிறகு மாதம் ஒருமுறை தனி மெயிலில், "ஸ்டேட்மென்ட், பில் அல்ல" என்ற தலைப்போடு வந்தது. நினைவூட்ட வேண்டியிருந்தால் பழைய மெயிலுக்கே பதில் போடுவாள், எதையும் இணைக்காமல். தலைப்பை மாற்ற மாட்டாள். ஒரே பில்லை மறுபடி அனுப்பினால் இரட்டையாகும் என்று நான் ஒருமுறைதான் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஷெட் வழியாகப் போக வேண்டியிருந்தது. அம்பாரமாகக் குவித்த உப்புக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன்காரர் என்னைப் பார்த்ததும் குறையைக் கொட்டினார். முன்பெல்லாம் நாலு லோடுக்கு ஒரு மெயில், இப்போது லோடுக்கு ஒரு மெயில், சீல் போட்ட நகலுக்காக லாரி திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, டிரைவர் வழியில் டீ குடித்தால் அதுவும் தாமதம் என்றார்.

அவள் சாக்குத் தைக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். "மாமா, நாலு பில்ல ஒண்ணா அனுப்புனா, அதுல ஒண்ணு தப்புன்னாலும் நாலும் நிக்குது. தனித்தனியா போனா மூணு பில்லாவது போயிடும் இல்ல?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவர் தார்ப்பாய் கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டார். டிரைவருக்கு அவள் ஏற்கெனவே வழி செய்திருந்தாள். எங்கள் கேட்டில் சீல் விழுந்ததும் அவர் அங்கேயே நின்று போனில் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார். நிழல் விழாமல், கட்டைவிரல் இல்லாமல், ஓரம் வெட்டி. எப்படிச் செய்வதென்று லாரிக்குள்ளேயே உட்கார்ந்து காட்டிக் கொடுத்தாளாம்.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. புயல் கரையைக் கடந்த இரவில் அளங்களின் வரப்பெல்லாம் கரைந்துபோயின. உப்பு எடுக்கும் காலம் அது இல்லை என்றாலும், தை மாதத்தில் சேறு வாரி, வரப்பு கட்டி, மறுபடி பாத்தி தயார் செய்ய ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அதே தேவை ஒரே நேரத்தில். எங்கள் மெயில் பெட்டியில் "அர்ஜென்ட்" மூன்று முறை எழுதிய தலைப்புகள் வர ஆரம்பித்தன.

அப்போது பார்த்து மேனேஜரின் தகப்பனாருக்கு மூச்சுத் திணறல் வந்து பாண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மேனேஜர் ஒப்புதல் கொடுத்தால்தான் எதுவும் நகரும். அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடக்கூடியவர் சென்னையில் இருந்தார். அவருக்கு எங்கள் பில்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நாங்கள் பேசாமல் இருந்தோம். இரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார். வராந்தாவில் நிற்கிறேன், பெஞ்சில் இடமில்லை, போனில் முடிந்ததைப் பார்க்கிறேன் என்றார்.

அன்று மத்தியானம் ஒப்புதல்கள் வரத் தொடங்கின. முதலில் உப்பு. அடுத்ததும் உப்பு. பிறகு ஐஸ் பெட்டிக்காரருடையது ஒன்றுகூட இல்லை, டீசலுடையது இல்லை, மூன்றாவதும் உப்பு. எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டுகிறாரோ என்று யாராவது கேட்பார்கள். அவரிடமே கேட்டேன்.

"அந்தம்மா பில்லுல நான் யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. தலைப்புல ஆர்டரு, இன்வர்டு, மூட்டை எல்லாம் இருக்குது. ஒரு தட்டு தட்டுனா ஒரே பேப்பர், சீலு தெரியுது. மத்தவங்களது திறந்தா எங்க போறேன்னே தெரியல. நான் திரும்ப வந்துதான் பாக்கணும்" என்றார்.

உப்புப் பில்களில் ஒன்றைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. மழையில் வந்த லோடு அது. முந்நூறு மூட்டைக்குப் பில். கேட்டில் பன்னிரண்டு மூட்டை நனைந்து கரைந்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டோம். இன்வர்டில் இருநூற்று எண்பத்தெட்டுதான். வழக்கமாக இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் சண்டை நடக்கும். பில்காரர் முந்நூறு என்பார், நாங்கள் இல்லை என்போம், கடைசியில் அவர் அதே எண்ணில் வேறொரு பில்லை அடித்து அனுப்புவார், அது இரட்டையாகும். ஆகவே அந்தப் பில் ஒதுங்கியிருக்கும் என்று தேடினேன். ஒதுங்கவில்லை. லாரி திரும்பிப் போன அன்றே அவளிடமிருந்து இன்னொரு மெயில் வந்திருந்தது: கிரெடிட் நோட் சி-2526-002, பில் பி-2526-019க்கு, 12 மூட்டை நனைந்து திரும்பியது. அதற்கும் தனி எண், தனி பி.டி.எஃப். பில்லைத் தொடவே இல்லை. சாஃப்ட்வேர் முந்நூறிலிருந்து பன்னிரண்டைக் கழித்து, இன்வர்டோடு ஒத்துப்போகிறது என்று மேலே அனுப்பியிருந்தது. நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் தேவை வரவில்லை.

என் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கிரெடிட் நோட்டைப் படித்துவிட்டு, "அக்கா, இவங்க நம்மள மாதிரியே யோசிக்கிறாங்க" என்றாள். நம்மைவிட ஒரு படி முன்னால் யோசிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த வாரமே பணம் அவர்கள் கணக்குக்குப் போனது. போனில் சொன்னேன்.  "பொங்கலுக்கு முன்னாடியே வரப்புக்கு ஆள் வெச்சுடலாம்க்கா" என்றாள். மேனேஜரின் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். தேறி வருகிறார் என்றேன். தேறி வீட்டுக்கும் வந்துவிட்டார்.

மேனேஜர் திரும்பியதும் செய்த முதல் வேலை, சரக்குக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு பக்கத்தில் குறிப்பு அனுப்பச் சொன்னது. நான் எழுதினேன். ஒரு மெயிலுக்கு ஒரு பில். தலைப்பில் முதலில் பில் எண், பிறகு ஆர்டர் எண், இன்வர்டு எண். ஒரே பி.டி.எஃப்., கோப்புப் பெயர் பில் எண்ணேதான். எண் திரும்ப வரக் கூடாது. திருத்தம் என்றால் கிரெடிட் நோட். கீழே மாதிரியாக அவளுடைய மெயிலையே வைக்கலாமா என்று கேட்டு, அவள் சம்மதத்தோடு வைத்தேன். கம்பெனி பெயரை மட்டும் மறைத்துவிட்டோம்.

ஐஸ் பெட்டிக்காரர் மாதிரியை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆர்டர் எண் உட்பட. ஒரு மாதம் அவருடைய தெர்மாகோல் பெட்டிகள் எல்லாம் உப்பு ஆர்டரில் வந்தன. கூப்பிட்டுச் சொன்னதும் மாற்றிக்கொண்டார். டீசல் பங்க்காரர் தீபாவளி வாழ்த்தை விட்டு வெளியே வந்தார், அதற்கே ஒரு வருஷம் ஆனது. எல்லோரும் திருந்திவிடவில்லை. ஆனால் ஒதுங்கிக் கிடக்கும் குவியல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எங்களைத் திட்டும் போன்களும் குறைந்தன.

அவளிடம் ஒருமுறை நேரில் சொன்னேன், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில். உங்கள் மெயிலைத் திறக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பில்லுதானேக்கா" என்றாள். பில்தான். ஆனால் ஒருவர் தன் வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, அந்தக் கை எப்படி வாங்கும், எங்கே பிடிக்கும் என்று யோசித்துக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. முகம் தெரியாத நூறு பேருடைய மெயிலைத் தினமும் பிரிக்கிற எனக்கு அது தெரியும். இதை அவளிடம் சொல்வதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.

இப்போது நானும் என் பக்கத்துப் பெண்ணும் மாதக் கடைசியில்கூட நேரத்துக்குச் சாப்பிடப் போகிறோம். சாப்பாட்டு அறை ஜன்னலைத் திறந்தால் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைகிறது. முன்பெல்லாம் அது கேட்டதே இல்லை.